மனம் ஏன் மயிலுக்கு முன்னால் வந்தது?

ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குச் சொல்லடைவு தயாரிக்க வேண்டும். சொற்களைத் தட்டச்சு செய்து, வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தாயிற்று. அ, ஆ, இ, ஈ என்று தொடங்கி வகரம் வரை எல்லாம் ஒழுங்காக வந்து நிற்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தவர் ‘சரி’ என்று அச்சுக்கு அனுப்பிவிடுவார். புத்தகம் வெளிவந்த பிறகு வாசகர் ஒருவர் ‘மனம்’ என்ற சொல்லைத் தேடுகிறார். அகராதி பார்த்துப் பழகிய கை மகரத்தின் கடைசிப் பகுதிக்குப் போகிறது. அங்கே அந்தச் சொல் இல்லை. நூலாசிரியர் விட்டுவிட்டார் போலும் என்று அவர் புத்தகத்தை மூடுகிறார். சொல் விடுபடவில்லை. மந்திக்கும் மயிலுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பிழை கண்ணில் படாமல் தப்புவதற்குக் காரணம் இருக்கிறது. கணினி இடம் மாற்றி வைக்கும் தமிழ் எழுத்துகள் முக்கியமாக நான்கு: ன, ற, ள, ழ. இவற்றில் எதுவும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ஆகவே முதலெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் வரிசை சரியாகவே தோன்றும். கோளாறு இரண்டாம், மூன்றாம் எழுத்துகளில் ஒளிந்திருக்கும். இலங்கைத் தமிழில் ‘றப்பர்’, ‘றோட்டு’ என்று றகரத்தில் தொடங்கி எழுதும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட பட்டியலில் மட்டும் குட்டு சீக்கிரம் வெளிப்பட்டுவிடும்.

கணினிக்கு எழுத்தின் ஒலியோ வடிவமோ தெரியாது. யூனிகோடு என்ற ஒருங்குறித் தரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அதைக் குறியெண் என்று வைத்துக்கொள்வோம். அகரத்துக்கு 2949, ககரத்துக்கு 2965, மகரத்துக்கு 2990. வேறு எந்த விதியும் சொல்லித்தராவிட்டால் கணினி இரண்டு சொற்களை இடமிருந்து வலமாக, குறியெண் குறியெண்ணாக ஒப்பிடும். எந்த இடத்தில் எண் மாறுபடுகிறதோ, அங்கே சிறிய எண் உடைய சொல் முன்னால் போகும். பைதான் மொழியின் `sorted()` இப்படித்தான் செய்கிறது. தரவுத்தளத்தில் மொழி விதி எதுவும் குறிக்காமல் `ORDER BY` போட்டால், பல அமைப்புகளில் நடப்பதும் இதுதான்.

அப்படியானால் குறியெண்களை நம் அகரவரிசைப்படியே கொடுத்திருந்தால் தொல்லை இல்லையே? பெரும்பகுதி அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் முறையாக ஏறுகின்றன. க, ங, ச, ஞ, ட, ண, த, ந என்பது வரை மெய்களும் ஏறக்குறைய அப்படியே. நகரத்தின் எண் 2984. அடுத்த எண்ணில் பகரம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் 2985இல் இருப்பது றன்னகரம். பகரம் 2986. பிறகு ம, ய, ர. ரகரம் 2992 என்றால் 2993இல் றகரம். அதன்பின் ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. நாம் பள்ளியில் படித்ததோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடைசி நான்கு எழுத்துகளை யாரோ பிடுங்கிக் கொண்டுபோய் நடுவில் செருகியது போல இருக்கும்.

செருகியது யார் என்று தெரிந்துகொள்ள இந்தி எழுத்தைப் பார்க்க வேண்டும். இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்ற 1980களில் இஸ்கி என்றொரு இந்தியத் தரம் உருவானது. எல்லா இந்திய எழுத்துமுறைகளும் பிராமியிலிருந்து கிளைத்தவை, ஆகையால் ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே எண் கொடுத்துவிடலாம் என்பது அதன் அடிப்படை. ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழி எழுத்தில் நொடியில் காட்டிவிடலாமே! 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது, இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தில் இருந்த இந்த இருக்கை அமைப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வோர் இந்திய எழுத்துமுறைக்கும் 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டது. ஒரே ஒலி எல்லாக் கட்டத்திலும் ஒரே இருக்கையில் அமரும். தேவநாகரி ககரத்தின் எண் 2325. அதனுடன் 640ஐக் கூட்டினால் தமிழ்க் ககரத்தின் 2965 வந்துவிடும். வேறு எழுத்தை எடுத்துக் கூட்டிப் பாருங்கள், இதே 640தான்.

தமிழில் வர்க்க எழுத்துகள் இல்லை. அதனால் நம் கட்டத்தில் பகரத்துக்கும் மகரத்துக்கும் இடையே மூன்று இருக்கைகள் காலியாகவே கிடக்கின்றன. காலியிடத்தால் வரிசைக்கு ஒரு கெடுதலும் இல்லை. சிக்கல், தேவநாகரியில் இயல்பாக இல்லாத தமிழ் ஒலிகளுக்கு இடம் கொடுத்த விதத்தில் வந்தது. திராவிட மொழிச் சொற்களைத் தேவநாகரியில் எழுத வேண்டியவர்கள், இருக்கிற எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்துச் சமாளித்தார்கள். நகரத்தின் கீழ்ப் புள்ளி வைத்தால் அது றன்னகரம். ரகரத்தின் கீழ் வைத்தால் றகரம். ளகரத்தின் கீழ் வைத்தால் ழகரம். புள்ளி வைத்த எழுத்து அதன் தாயெழுத்துக்கு அடுத்த இருக்கையில் உட்காருவதுதான் தேவநாகரிக்கு இயல்பு. அந்த ஏற்பாடே இருக்கை மாறாமல் தமிழ்க் கட்டத்துக்கும் வந்துவிட்டது. அங்கே ழகரம் ‘புள்ளி வைத்த ளகரம்’. இங்கே அது தனக்கென்று இடமுள்ள எழுத்து. ஆனாலும் எண் அங்கே தீர்மானமானது.

இதில் எனக்கு உறுத்துவது ற, ன இரண்டையும் பிரித்ததுதான். தமிழ் மெய்வரிசையில் ஒரு நயம் உண்டு. வல்லினமும் அதன் இனமான மெல்லினமும் அடுத்தடுத்து நிற்கும்: கங, சஞ, டண, தந, பம. ஆறாவது இணை றன. கன்று, தென்றல், மன்றம் என்று அவை ஒன்றையொன்று ஒட்டியே வரும். முப்பது எழுத்தும் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என்பதைத் தொல்காப்பியம் தன் முதல் நூற்பாவிலேயே சொல்லிவிடுகிறது. அந்த வரிசையின் கடைசி இணையைக் கணினி பிரித்து, ஒன்றை நகரத்தின் பக்கத்திலும் மற்றதை ரகரத்தின் பக்கத்திலும் உட்கார வைத்திருக்கிறது.

எண்களை இனி மாற்றவும் முடியாது. ஒருமுறை கொடுத்த குறியெண்ணை இடம் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதியான கொள்கை. மாற்றினால் அதுவரை எழுதப்பட்ட ஒவ்வொரு தமிழ்க் கோப்பும் வேறு எழுத்துகளாகப் படிக்கப்படும்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான்கு எழுத்து மாறிய கதை என்று விட்டுவிடலாம். இதைவிடப் பெரிய கலைப்பு மெய்யெழுத்தின் தலைக்கு மேலுள்ள புள்ளியால் நேர்கிறது. எண்ணிக்கையில் பார்த்தால் இடம் மாறும் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் காரணமாக இருக்கும், ஏனென்றால் புள்ளி இல்லாத தமிழ்ச் சொற்றொடர் அரிது.

நாம் ‘க்’ முதலில், அதன்மேல் அகரம் ஏறினால் ‘க’ என்று படித்திருக்கிறோம். யூனிகோடு தலைகீழாக எண்ணுகிறது. ‘க’ அதற்கு அடிப்படை. ‘க்’ என்பது ககரமும் அதன்பின் ஒரு புள்ளியுமாக இரண்டு குறியெண்கள். ‘கை’ என்றால் ககரமும் ஐகாரக் குறியும். இந்தக் குறிகளின் எண்கள் எல்லாம் மெய்களின் எண்களுக்குப் பிறகு வருகின்றன: கால் 3006இல் தொடங்கி ஔகாரக் குறி 3020 வரை. இது நல்ல ஏற்பாடு. அதனால்தான் ககரச் சொற்கள் முடிந்தபின் காகாரச் சொற்கள், பிறகு கிகரம் என்று முறையாக வருகின்றன. ஆனால் புள்ளியின் எண் 3021. எல்லாக் குறிகளுக்கும் கடைசி. ஆக, அகராதியில் முதலில் வர வேண்டிய மெய், குறியெண் வரிசையில் ஔகாரத்துக்கும் பிறகு போய்விடுகிறது.

மகரத்தில் தொடங்கும் பதினோரு சொற்களை எடுத்துக்கொண்டு நேராகவே பார்த்துவிடலாம். இன்றைய அகராதிகள் பெரும்பாலும் பின்பற்றும் முறைப்படி இவற்றின் வரிசை இது:

மக்கள், மகள், மந்தி, மயில், மரம், மல்லிகை, மலை, மழை, மறதி, மன்றம், மனம்.

அதே பதினொன்றைக் குறியெண் முறையில் வரிசைப்படுத்தினால்:

மகள், மக்கள், மந்தி, மனம், மன்றம், மயில், மரம், மறதி, மலை, மல்லிகை, மழை.

முதல் இணையைப் பாருங்கள். ‘மக்கள்’, ‘மகள்’ இரண்டிலும் முதல் இரண்டு குறியெண்கள் ஒன்றே: ம, க. மூன்றாவதில் ஒன்றுக்குப் புள்ளி (3021), மற்றதற்கு ளகரம் (2995). சிறிய எண் ளகரம், ஆகவே மகள் முந்திக்கொள்கிறாள். மலையும் மல்லிகையும் இடம் மாறியதும் இதே கணக்கில்தான்: மலையின் ஐகாரக் குறி 3016, மல்லிகையின் புள்ளி 3021. மனமும் மன்றமும் இரட்டைப் பிழைக்கு ஆளானவை. தங்களுக்குள் முன்பின் மாறியதோடு, இரண்டும் சேர்ந்து பட்டியலின் முடிவிலிருந்து நடுவுக்கு வந்துவிட்டன. மறதி, ரகரத்தின் அண்டைவீட்டுக்குக் குடிபோய்விட்டது. பதினொன்றில் குறியெண் முறையிலும் தன் இடத்திலேயே நிற்பது மந்தி ஒன்றுதான்.

இதைச் சரிசெய்ய முனையும் நிரலாளர்கள் முதலில் எட்டும் யோசனை ஒன்று உண்டு. எழுத்துகளுக்குப் புதிய எண் கொடுத்து, புள்ளிக்கு எல்லாவற்றையும் விடச் சிறிய எண்ணைத் தந்துவிடலாம் என்பார்கள். மேலே உள்ள பதினோரு சொற்களும் உடனே சரியாகிவிடும். ஆனால் ‘பல்’, ‘பல’ என்ற இரண்டைக் கொடுத்துப் பாருங்கள். ‘பல’ என்பதில் இரண்டு குறியெண்கள், ‘பல்’ என்பதில் மூன்று. ஒப்பிட்டுக்கொண்டே போகையில் முதலில் தீர்ந்துபோகும் சொல்லை முன்னால் வைப்பது பொதுவிதி. அதனால் புள்ளிக்கு என்ன எண் கொடுத்தாலும் ‘பல’ முன்னால் போய்விடும். அகராதியில் பல், பல்லி, பல்லவி எல்லாம் முடிந்த பிறகுதான் ‘பல’. லகரத்துக்குள் ஓர் அகரம் இருப்பது நமக்குத் தெரியும். கணினியில் அதற்குத் தனிக்குறி கிடையாது.

ஆகவே செய்ய வேண்டியது, மறைந்திருக்கும் அந்த அகரத்தை எண்ணில் வெளியே கொண்டுவருவது. ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பகுதி கொண்ட எண் ஒன்றைக் கொடுக்கலாம். முதல் பகுதி மெய்யின் இடம்: ககரம் 01இல் தொடங்கி ம 10, ல 13, ற 17, ன 18 என்று போகும். இரண்டாம் பகுதி அதன்மேல் ஏறிய உயிர்: வெறும் மெய்க்கு 00, அகரத்துக்கு 01, ஆகாரத்துக்கு 02, ஐகாரத்துக்கு 09, ஔகாரத்துக்கு 12. இப்போது மனம் என்பது 10-01, 18-01, 10-00. மன்றம் என்பது 10-01, 18-00, 17-01, 10-00. இரண்டாம் எழுத்தில் 18-00 சிறியது, ஆகவே மன்றம் முன்னால். பல் என்பது 09-01, 13-00. பல என்பது 09-01, 13-01. அதுவும் சரியாகிவிட்டது. சொல்லுக்குத் தலையில் வரும் உயிரெழுத்துகளையும் ஆய்தத்தையும் ககரத்துக்கு முன்னால் வருமாறும், ஜ முதலான வடவெழுத்துகளை னகரத்துக்குப் பின்னால் வருமாறும் எண் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு பத்தி திறந்து, இந்த எண்ணைச் சிறு நிரலால் நிரப்பி, அந்தப் பத்தியின்படி வரிசைப்படுத்தினால் போதும். வரிசை முடிந்ததும் பத்தியை மறைத்துவிடலாம்.

எண்ணை எல்லோரும் தாங்களே கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. குறியெண் வரிசை எந்த மொழிக்கும் அகராதி வரிசை ஆகாது என்பதை யூனிகோடே வெளிப்படையாகச் சொல்கிறது. வரிசைப்படுத்துவதற்கென்று தனி நெறிமுறை ஒன்றையும், மொழிவாரியான விதிகளையும் அது வெளியிடுகிறது. மென்பொருள் அவற்றைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவே. ஜாவாஸ்கிரிப்டில் முதல் வரி குறியெண் முறை, இரண்டாவது வரி தமிழ் விதி முறை:

```javascript
words.sort()
words.sort(new Intl.Collator("ta").compare)
```

கேட்டதற்குக் கிடைத்தது என்ன என்பதை மட்டும் சோதித்துப் பார்த்துவிடுங்கள். மென்பொருளுக்கு மென்பொருள், பதிப்புக்குப் பதிப்பு வேறுபடலாம். பெரிய சோதனை தேவையில்லை. பல், பல, மயில், மனம் ஆகிய நான்கைப் போட்டு வரிசைப்படுத்தினாலே தெரிந்துவிடும். மனம் மயிலுக்கு முன்னால் வந்தால் மொழி விதி வேலை செய்யவே இல்லை. மனம் சரியாக இருந்து, ‘பல’ பல்லுக்கு முன்னால் வந்தால், எழுத்து வரிசை சரி, மெய்யை முன்வைக்கும் வழக்கம் மட்டும் சேரவில்லை.

தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ‘டேஸ் 16’ என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அதில் மெய்க்கும் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். எண் வரிசையே அகரவரிசையாக அமையும்படி செய்ததால் மேலே சொன்ன கணக்குகளுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் கைப்பேசியும் தேடுபொறியும் யூனிகோடில் நிலைத்துவிட்டன. தனியாகப் பதிப்பு வேலை செய்கிறவர்களுக்கு அது பயன்படலாம். பொதுப் புழக்கத்துக்கு யூனிகோடுடன் வாழப் பழகுவதைத் தவிர வழியில்லை என்பது என் எண்ணம்.

ஆட்களின் பெயர்ப்பட்டியல் வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஜகரத்தின் எண் 2972, சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில். எனவே ஜானகியும் ஜோசப்பும் சௌந்தரத்துக்கு அடுத்து வந்துவிடுவார்கள். ஷ, ஸ, ஹ மூன்றும் வகரத்துக்குப் பின்னால்தான் இருக்கின்றன, ஆகவே அவற்றில் தொடங்கும் பெயர்கள் தப்பின. ஆய்தத்தின் எண் 2947, அகரத்துக்கும் முந்தியது. ஃபாத்திமா என்று எழுதினால் அந்தப் பெயர் அகிலாவையும் முந்திப் பட்டியலின் தலையில் நிற்கும். ‘பாத்திமா’ என்று எழுதிய இன்னொருவர் பகரத்தில் இருப்பார். இதற்குக் குறியெண்ணைக் குறைசொல்ல முடியாது, எழுத்துக்கூட்டலை ஒன்றாக்குவது தொகுப்பவர் வேலை.

ஆனால் கௌரியின் தொல்லை வேறு வகை. ஔகாரக் குறியின் வலப்பாதி பார்வைக்கு ளகரமேதான். அவசரத்தில் தட்டச்சு செய்பவர் ‘கெ’ அடித்து, பிறகு ‘ள’ அடித்து, ‘ரி’ சேர்த்துவிடுவார். திரையில் ‘கெளரி’ என்று, கௌரியைப் போலவே தெரியும். கணினிக்கு அது கெ, ள, ரி என்ற மூன்றெழுத்துப் பெயர். சரியாக அடித்த கௌரி ககர வரிசையின் கடைப்பகுதியில், கோமதிக்கும் பின்னால் இருப்பார். தவறாக அடித்த கெளரி, கேசவனுக்கு முன்னால் எகரத்தில் கிடப்பார். ஔவையை ஒ, ள, வை என்று பிரித்து அடிப்பதும் இதே கதை: அவர் ஓவியாவுக்கு முன்னால் போய் நிற்பார். எந்த அகராதி விதியாலும் இதைத் திருத்த முடியாது, ஏனென்றால் உள்ளே இருப்பதே வேறு எழுத்துகள். தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். ‘கெள’, ‘செள’, ‘மெள’, ‘ஒள’ ஆகியவற்றைத் தேடினால் பெரும்பாலானவை சிக்கும். மெள்ள, ஒளி போன்றவையும் கூடவே வரும் என்பதால் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது நல்லது.

ஒகர, ஓகாரக் குறிகளிலும் இரட்டை வழி உண்டு. ‘கொடி’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு ஒப்புக்கொள்கிறது. ஆனால் வெறும் குறியெண்ணை ஒப்பிடும் நிரல் ஒப்புக்கொள்ளாது. இரண்டாகப் பிரிந்த கொடியை அது கெகரச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், கேகாரத்துக்கு முன்னால் செருகிவிடும். இதற்கு மருந்து எளிது. பட்டியலை முதலில் ‘இயல்பாக்கம்’ செய்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். பெரும்பாலான நிரல்மொழிகளில் `NFC` என்ற பெயரில் அந்த வசதி இருக்கிறது.

ஸ்ரீதருக்கு அந்த மருந்தும் பலிக்காது. ‘ஸ்ரீ’ என்ற கூட்டெழுத்தை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவத்தில் காட்டுகின்றன. ஶகரத்தின் எண் 2998, ஷகரம் 2999, ஸகரம் 3000. ஒரே பெயருடைய இரண்டு ஸ்ரீதர்கள், ஒருவர் ஷண்முகத்துக்கு முன்னாலும் மற்றவர் பின்னாலுமாக நிற்பதைக் கண்டால், இரண்டையும் அழித்துவிட்டு ஒரே விசைப்பலகையில் மறுபடி அடியுங்கள்.